புள்ளி தூவி ஏரியை அளக்கலாம்

வயல் சதுரமாக இருந்தால் நீளத்தை அகலத்தால் பெருக்கிப் பரப்பளவு சொல்லிவிடலாம். கரை வளைந்து நெளிந்து, நடுவில் திட்டும் உள்ள ஏரிக்கு என்ன செய்வது? அதற்கு ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது.

ஏரியின் வரைபடத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் வரையுங்கள். அது 4 கிலோமீட்டர் நீளம், 3 கிலோமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 12 சதுர கிலோமீட்டர். இனி அந்தச் செவ்வகத்துக்குள் 1,000 புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு தூவுவதுபோல், எந்த இடத்துக்கும் சலுகை காட்டாமல் கணினியைக் கொண்டு வைக்க வேண்டும். அவற்றில் 400 தண்ணீரில் விழுந்தால், செவ்வகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஏரி. ஆக, ஏரியின் பரப்பு சுமார் 4.8 சதுர கிலோமீட்டர்.

ஒரு புள்ளி தண்ணீரில் விழுந்ததா என்று கணினி எப்படி அறியும்? புள்ளியிலிருந்து ஒரு நேர்கோட்டைச் செவ்வகத்துக்கு வெளியே வரை இழுத்து, அது கரையை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணும். ஒற்றைப்படை என்றால் தண்ணீர், இரட்டைப்படை என்றால் தரை. திட்டின் ஓரத்தையும் கரையாகவே கொண்டால், திட்டில் விழுந்த புள்ளியும் சரியாகத் தரைக்கணக்கில் சேர்ந்துவிடும்.

மறுபடி 1,000 புள்ளி தூவினால் அதே 400 வராது. உண்மை விகிதம் ஐந்தில் இரண்டாகவே இருந்தாலும், மூன்று முறைக்கு இரண்டு முறை எண்ணிக்கை 385க்கும் 415க்கும் இடையில் நிற்கும். அதாவது விடையில் ஏறக்குறைய 0.19 சதுர கிலோமீட்டர் கூடலாம், குறையலாம். இந்தப் பிழையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க, புள்ளிகளை நூறு மடங்காக்க வேண்டும். ஆயிரம் போய் ஒரு லட்சம்!

செவ்வகத்தைத் தாராளமாக வரைவதும் நஷ்டம்தான். நீளம், அகலம் இரண்டையும் இரட்டித்தால் பத்தில் ஒரு புள்ளிதான் தண்ணீரில் விழும். அதே 1,000 புள்ளிக்குப் பிழை 0.46 ஆகிவிடும். கரையை ஒட்டிய செவ்வகமே சிக்கனம்.

நிரலில் அடிக்கடி நேரும் தவறு, கிடைத்தூரத்துக்கும் உயரத்துக்கும் ஒரே தற்செயல் எண்ணைப் பயன்படுத்துவது. அப்போது புள்ளிகள் எல்லாம் மூலைவிட்டத்தில் வரிசைகட்டி நிற்கும். விடை மட்டும் நம்பும்படியாகவே தெரியும். எனவே புள்ளிகளைத் திரையில் வரைந்து பாருங்கள். பரப்பு தெரிந்த ஒரு வட்டத்தையும் அதே நிரலால் அளந்து பாருங்கள். சதுரத்துக்குள் கச்சிதமாகப் பொருந்திய வட்டத்தில், 1,000 புள்ளிக்குச் சுமார் 785 விழ வேண்டும்.

உண்மையில், ஏரியை மட்டும் அளக்க வேண்டுமென்றால் சீரான கட்டம் போட்டு எண்ணுவதே மேல். தூவும் முறைக்கு மவுசு வந்தது வேறு இடத்தில். 1940களில் லாஸ் அலமாஸில் ஸ்டானிஸ்லா உலாம், ஜான் வான் நாய்மன் ஆகியோர் நியூட்ரான்களின் போக்கைக் கணிக்க இதே தற்செயல் உத்தியைக் கையாண்டார்கள். 'மான்டே கார்லோ' என்ற பெயர் அங்கே பிறந்ததுதான். பத்து மாறிகள் உள்ள கணக்கில் ஒவ்வொன்றுக்கும் பத்துக் கட்டம் வைத்தாலே 1,000 கோடிக் கட்டங்கள் ஆகிவிடும். தூவும் முறையில் மாறிகள் எத்தனை கூடினாலும், நூறு மடங்கு புள்ளிக்குப் பிழை பத்தில் ஒரு பங்காகும் என்ற விதி மாறுவதில்லை.