பிடித்தக் கட்டத்தில் யாருடைய பங்கு?

சிறிய பனியன் கம்பெனி ஒன்றின் சம்பள ரெஜிஸ்டர் பக்கத்தைத் தொழிலாளி ஒருவர் செல்போனில் படம் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வரிசையில் 26 நாள் வேலை, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து ரூ.12,000, வேறு படி எதுவும் இல்லை. பி.எஃப். கட்டத்தில் 2,880, இ.எஸ்.ஐ. கட்டத்தில் 480, கைக்கு 8,640. பக்கத்தில் அவரே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

இந்தக் கணக்கு தப்பு. பி.எஃப்.புக்குத் தொழிலாளி தரவேண்டியது 12 சதவீதம், அதாவது 1,440. இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், வெறும் 90 ரூபாய். கைக்கு வரவேண்டியது 10,470. முதலாளி தன் பையிலிருந்து கட்டவேண்டிய பி.எஃப். 1,440-ஐயும், 3.25 சதவீத இ.எஸ்.ஐ. 390-ஐயும் சேர்த்தே பிடித்துவிட்டார்கள். மாதம் 1,830 ரூபாய் போகிறது. "ரெண்டும் உங்க பேர்லதானே கட்டுறோம்" என்று மேனேஜர் சொல்லலாம். ஆனால் முதலாளி பங்கைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. தொழிலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதால் அது சரியாகிவிடாது.

பிடித்தம் சரியாக இருந்தாலும் பணம் போய்ச் சேர்ந்ததா என்பது ரெஜிஸ்டரில் தெரியாது. அதற்குப் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்க்கவேண்டும்; 12 இலக்க யு.ஏ.என். எண் இருந்தால் உமங் செயலியிலேயே திறக்கலாம். அங்கே ஊழியர் பங்கு 1,440 என்றும் முதலாளி பங்கு 440 என்றும் இருப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். பதறவேண்டாம். முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், இங்கே 1,000 ரூபாய், பென்ஷன் கட்டத்துக்குப் போய்விடும். பதறவேண்டிய இடம் வேறு: பாஸ்புக்கில் மாதச் சம்பளம் 8,000 என்றும் ஊழியர் பங்கு 960 என்றும் இருந்தால், பிடித்ததில் மீதி 480 கட்டப்படவில்லை. ஒரு மாதத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும் என்பதால், வரவு ஏற நாலைந்து நாள் விட்டுப் பாருங்கள்.

இ.எஸ்.ஐ.யில் ரூபாயைவிட நாள் கணக்குதான் முக்கியம் என்பேன். நோய்க்கால உதவித்தொகை வாங்க, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்கவேண்டும். 26 நாள் உழைத்தவருக்கு 10 நாள் என்று கணக்குக் காட்டினால், காய்ச்சலில் படுக்கும்போதுதான் அது தெரியவரும். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டு எண்ணைக் கொண்டு பங்களிப்பு விவரத்தை முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

படம் எடுக்கும்போது கம்பெனி பெயரும் மாதமும் உள்ள தலைப்பு விழவேண்டும். வெறும் வரிசை மட்டும் இருந்தால் அது எந்த மாதத்துக் கணக்கு என்று வாதம் வரும். மற்றவர்களின் வரிசைகளை மறைத்துவிடுங்கள். பி.எஃப். புகாரை EPFiGMS தளத்தில் பதியலாம். இ.எஸ்.ஐ. புகாருக்குக் கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இரண்டிலும் ரெஜிஸ்டர் படத்தோடு பாஸ்புக் பக்கத்தையும், வங்கியில் சம்பளம் ஏறிய பதிவையும் சேர்த்தே கொடுங்கள்.