செக்கின் முறுக்குவிசையும் திறனும்: நீள்தடி தருவதும் தராததும்

மரச்செக்கின் தடியை நீட்டினால் ஆற்றல் பெருகும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. தடி நீள்வதால் பெருகுவது முறுக்குவிசையே, திறன் அன்று. இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

உரலுக்குள் உலக்கை எள்ளை நெருக்கிச் சுழல்கிறது. அதனோடு இணைந்த தடியின்மீது கல்லோ ஆளோ பாரமாக அமைவதால் உலக்கை உரற்சுவரை அழுத்துகிறது. ஆகவே தேவைப்படும் முறுக்குவிசையை உறுதிசெய்வது மாடு அன்று; பாரமும் எள்ளின் நிலையுமே.

நானூறு கிலோ எடையுள்ள காளை தன் எடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு விசையுடன் நெடுநேரம் இழுக்கவல்லது. எனவே இழுவிசையை 400 நியூட்டன் என்றும், தடியின் ஆரத்தை 2.5 மீட்டர் என்றும், நடைவேகத்தை நொடிக்கு 0.7 மீட்டர் என்றும் கொள்வோம். இரண்டையும் நேரடியாகப் பெருக்கி 1000 நியூட்டன்-மீட்டர் என்பது வழக்கமான பிழை. மாடு தடிமுனைக்கு 1.5 மீட்டர் முன்னால் அதே வட்டத்தில் நடக்கிறது. கயிறு தொடுகோட்டில் அமையாமல் வட்டத்தின் நாணாகவே அமைகிறது. அதன் விலகுகோணம் θ:

sin θ = 0.75 / 2.5 = 0.3, θ ≈ 17.5°
τ = F r cos θ = 400 × 2.5 × 0.954 ≈ 954 நியூட்டன்-மீட்டர்

கயிற்றிடையே சுருள்வில் தராசைக் கட்டி அளப்போர் இத்திருத்தத்தை மறத்தலாகாது. உள்நோக்கிய கூறு வேலை ஏதும் செய்வதில்லை. தடியை மையத்தை நோக்கி நெருக்குகிறது, அவ்வளவே.

ஒரு சுற்றுக்கு 15.7 மீட்டர், நேரம் 22.4 நொடி. கோணவேகம் நொடிக்கு 0.28 ரேடியன். திறன் P = τω ≈ 267 வாட். இழுவிசை, வேகம், cos θ ஆகியவற்றைப் பெருக்கினாலும் இதே விடை கிடைக்க வேண்டும். கிடைக்காவிடில் ஆரத்தையோ நேரத்தையோ தவறாக அளந்திருக்கிறோம். பத்துச் சுற்றுகளின் நேரத்தைக் கணக்கிட்டுச் சராசரி காண்பது நடைவேகத்தை நேரடியாக அளப்பதினும் நம்பத்தக்கது. எண்ணெய் பிரியுந்தோறும் இழுவை மாறுவதால் தராசின் ஒற்றை அளவும் போதாது.

இனித் தடியை 3 மீட்டராக நீட்டுவோம். பாரம் மாறாததால் முறுக்குவிசை அதே 954தான். தொடுகோட்டு விசை 382 நியூட்டனிலிருந்து 318 ஆகக் குறைகிறது. மாட்டின் சுமை இலகுவாகிறது. ஆனால் அதே நடையில் ஒரு சுற்றுக்கு 26.9 நொடி ஆகிறது. திறன் 223 வாட்டாகத் தாழ்கிறது. ஒரு சுற்றுக்கு வேண்டிய ஆற்றலோ இரு நிலைகளிலும் ஏறத்தாழ 6 கிலோஜூல். மிச்சமாகும் விசையைப் பாரத்தைக் கூட்டப் பயன்படுத்தினாலன்றி நீள்தடியால் விரைவு கிட்டாது.

வ.உ.சிதம்பரனார் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்ததை இக்கணக்கின் அளவில் எண்ணிப்பார்க்கலாம். அச்செக்கின் அளவுகள் வேறாயிருக்கலாம். எனினும் மனிதர் ஒருவர் நெடுநேரம் தரவல்ல திறன் ஏறத்தாழ 75 வாட். நம் எடுத்துக்காட்டுச் செக்கை அவர் ஒருமுறை சுற்ற 80 நொடி ஆகும். அந்நேரம் முழுவதும் ஏறத்தாழ 39 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் தடியைத் தள்ளிக்கொண்டே இருத்தல் வேண்டும்.