எண் மாறவில்லை, பழைய அரட்டை எங்கே?

என் அத்தை சென்ற மாதம் சிம் நிறுவனத்தை மாற்றினார். PORT என்று தட்டி, இடம் விட்டுப் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினார். பதிலாக வந்த எட்டு எழுத்துக் குறியீட்டைக் கடையில் காட்டிப் புது சிம் வாங்கினார். சில நாளில் பழைய சிம்மில் சிக்னல் போனது. புதியதைப் போட்டார். வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூடக் குறையவில்லை. கணக்கு எண்ணோடு கட்டுப்பட்டது. அரட்டை போனுக்குள் இருக்கிறது. நிறுவனத்துக்கு இதில் பங்கில்லை.

சிக்கல் மறுநாள் வந்தது. புதுப் போன் வாங்கி, அவசரத்தில் வேறொரு ஜிமெயிலைப் போட்டுவிட்டார். ஆண்ட்ராய்டில் பழைய அரட்டை திரும்ப வர, அதே எண்ணோடு, பேக்கப் எடுத்த அதே கூகுள் கணக்கும் வேண்டும். "பேக்கப் எதுவும் இல்லை" என்று வந்ததும் மாமாவின் குரல் பதிவுகள் போய்விட்டன என்று அழுதேவிட்டார். நல்லவேளை, மேலே போகவில்லை. சரியான கணக்கைச் சேர்த்து, செயலியை நீக்கி மறுபடி நிறுவினோம். எண்ணைச் சரிபார்த்ததும் மீட்கவா என்று கேட்டது, எல்லாம் வந்தது. பழைய கணக்கையே போட்டு, அந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருந்தால், அடுத்த பேக்கப் பழையதை அழித்து எழுதியிருக்கும்.

பேக்கப்புக்குக் கடவுச்சொல் வைத்திருப்பவர்கள் அதைத் தாளில் எழுதி வையுங்கள். மறந்தால் வாட்ஸ்அப்பாலும் திறந்து தர முடியாது. சிம் மாறி ஓடிபி ஒழுங்காக வரும் வரை பழைய போனை அழிக்காதீர்கள், விற்காதீர்கள்.