‘6 மணிக்குள்ள போட்டுருங்க’ - எந்த ஊர் 6 மணி? வீட்டிலிருந்து வேலை செய்யும் குழுவுக்கு நேர விதி எழுதுவது எப்படி?

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் கப்பல் ஏற வேண்டுமென்றால் கிரேனும் லாரியும் மட்டும் போதாது. ஷிப்பிங் பில், எடை விவரம், பில் ஆஃப் லேடிங் என ஆவண வேலையும் முடிந்திருக்க வேண்டும். இது திரையில் நடக்கும் வேலை என்பதால் வீட்டிலிருந்தும் செய்யலாம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது: யார், எந்த நேரம், எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும்?

பல குழுக்களில் இதற்கான பதில் வாட்ஸ்அப் உரையாடலுக்குள் எங்கோ புதைந்து கிடக்கும். அதைத் தோண்டியெடுத்துத் தெளிவான விதியாக எழுதுவது எப்படி? ஒரு கற்பனைக் குழுவை வைத்துப் பார்ப்போம்.

என்ன பேசினார்கள்?

சரக்கு ஆவண வேலை பார்க்கும் ஐந்து பேர். நான்கு பேர் தூத்துக்குடியில், ஒருவர் சிங்கப்பூரில். குழுவில் ஒரு நாள் நடந்த பேச்சு இது.

குழுத் தலைவர்: “9.30-ல இருந்து 6.30 வரைக்கும் எல்லாரும் ஆன்லைன்ல இருங்க. மெசேஜ் வந்தா அன்னைக்கே பதில் போயிரணும்.”

முதல் ஊழியர்: “சரி அண்ணாச்சி. நான் எப்படியும் நைட் பத்து மணி வரைக்கும் போன் பாத்துட்டுத்தான் இருப்பேன்.”

இரண்டாமவர்: “அண்ணாச்சி, எனக்கு 4 டூ 5 முடியாது. பிள்ளைய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும்.”

சிங்கப்பூர் ஊழியர்: “இங்க 9-ல இருந்து 6 வரைக்கும்தான் அண்ணே. ஆனா கட்-ஆஃப் பிரச்சினைன்னா போன் பண்ணுங்க.”

தலைவர்: “சரி, கட்-ஆஃப்னா மட்டும் எந்த நேரமும் கூப்பிடலாம்.”

ஐந்தாமவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார்.

இதில் என்ன ஆபத்து?

கட்-ஆஃப் என்பது கப்பல் நிறுவனம் ஆவணங்களுக்கு வைக்கும் கெடு. 2016 ஜூலை 1 முதல், சோலாஸ் எனும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, சரக்கேற்றிய பெட்டியின் சரிபார்த்த மொத்த எடையைத் தெரிவிக்காமல் அதைக் கப்பலில் ஏற்றக் கூடாது. இதைத்தான் துறைமுக வட்டாரத்தில் ‘விஜிஎம்’ என்கிறார்கள். அது கெடுவுக்குள் போகாவிட்டால் பெட்டி யார்டிலேயே நிற்கும். கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற வேண்டிய பெட்டி என்றால், அந்தக் கப்பலும் தவறக்கூடும்.

இப்போது, “6 மணிக்குள்ள விஜிஎம் போட்டுருங்க” என்று குழுவில் ஒரு செய்தி வருகிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இந்திய நேரம் 6 மணி என்றால் அங்கே இரவு 8.30. அவர் கடையை மூடி இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும்.

முதல் வேலை: பேச்சைப் பிரிப்பது

உரையாடலில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரே வகை அல்ல. சில முடிவுகள், சில ஒருவரின் வசதி, சில வெறும் பழக்கம். 9.30 முதல் 6.30 என்பது தலைவரின் முடிவு. பள்ளிக்குப் போவதும் சிங்கப்பூர் நேரமும் இருவரின் எல்லைகள். பத்து மணி வரை போன் பார்ப்பது பழக்கம்.

தவறு பெரும்பாலும் இந்தப் பழக்கத்தில்தான் நடக்கிறது. “இரவு 10 மணி வரை தொடர்புகொள்ளலாம்” என்று எழுதிவிட்டால், அவர் தினமும் மூன்றரை மணி நேரம் கூடுதல் பணியில் இருப்பவர் ஆகிவிடுவார். அவர் சொன்னது வாக்குறுதி அல்ல. எனவே அந்த வரி விதிக்குள் வரக் கூடாது.

இரண்டாவது: ஓட்டைகளைக் கேள்வியாக எழுதுவது

எழுதுபவர் தானாக எதையும் நிரப்பக் கூடாது. இந்தப் பேச்சில் நான்கு ஓட்டைகள் உள்ளன. ‘பதில்’ என்றால் பார்த்தேன் என்று சொல்வதா, வேலையை முடிப்பதா? மாலை 6.20-க்கு வந்த செய்திக்கும் அன்றே பதில் வேண்டுமா? ‘எந்த நேரமும் கூப்பிடலாம்’ என்றால் யாரை? ஐந்தாமவரின் கட்டைவிரல் சம்மதமா, படித்ததற்கு அடையாளமா?

கடைசிக் கேள்வியை அவரிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும். மற்றதைக் குழுவில் போட்டுப் பதில் வாங்கிய பிறகே விதி எழுத முடியும்.

மூன்றாவது: அவசரத்துக்குத் தனி வழி

இதற்கு நல்ல பாடம் கடலிலேயே இருக்கிறது. கப்பல்கள் விஎச்எஃப் ரேடியோவில் 16-ம் சேனலை எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். அது ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் மட்டும். தொடர்பு கிடைத்ததும் வேறு சேனலுக்கு மாறிப் பேசுவார்கள். எல்லாரும் 16-லேயே கதை பேசினால் ஆபத்துக் குரல் அமுங்கிப்போகும். குழுவிலும் அப்படித்தான்: அவசரம் போனில் வரட்டும், மற்றது சாட்டில் இருக்கட்டும்.

விதி இப்படி இருக்கும்

கேள்விகளுக்கு ஐவரும் பதில் சொன்ன பிறகு, நம் குழுவின் விதி இப்படி அமைகிறது:

1. எல்லா நேரமும் இந்திய நேரம். கெடு சொல்லும்போது தேதி, மணி, ‘இந்திய நேரம்’ மூன்றும் எழுத வேண்டும்.

2. தூத்துக்குடியில் வேலை நேரம் காலை 9.30 முதல் மாலை 6.30, சிங்கப்பூரில் இருப்பவருக்குக் காலை 6.30 முதல் பிற்பகல் 3.30. எல்லாரும் சேர்ந்து பேச வேண்டியதை 9.30 - 3.30-க்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. மாலை 5 மணிக்குள் வந்த செய்திக்கு அன்று 6.30-க்குள் “பார்த்தேன், இத்தனை மணிக்கு முடிப்பேன்” என்று பதில் தர வேண்டும். அதற்குப் பின் வந்தால், அடுத்த வேலை நாள் 11 மணிக்குள். சிங்கப்பூரில் இருப்பவருக்கு 5 மணிக்குப் பதில் 2 மணி, 6.30-க்குப் பதில் 3.30.

4. அடுத்த 4 மணி நேரத்துக்குள் கட்-ஆஃப் இருந்தாலோ, பெட்டி கேட்டில் நின்றாலோ அது அவசரம். போன் செய்ய வேண்டும். செய்தி மட்டும் அனுப்பினால் போதாது.

5. வேலை நேரத்துக்கு வெளியே அந்த வார முறைக்காரர் ஒருவரை மட்டும் கூப்பிட வேண்டும். 15 நிமிடத்தில் எடுக்காவிட்டால் தலைவரைக் கூப்பிடலாம். மற்றவர்கள் எடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்ல. இரவில் வேலை பார்த்தவர் மறுநாள் அவ்வளவு நேரம் தாமதமாகத் தொடங்கலாம்.

6. வேலை நேரத்தில் இல்லாத நேரத்தைக் காலண்டரில் குறிக்க வேண்டும். அப்போது அவசரம் வந்தால் பணியில் இருக்கும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும்.

சரியாக வந்திருக்கிறதா?

உரையாடலைப் படிக்காத ஒருவரிடம் விதியை மட்டும் கொடுத்துக் கேளுங்கள்: “4.20-க்குப் பள்ளிக்குப் போனவருக்கு மெசேஜ் அனுப்பினால் எப்போது பதில் வரும்?” “இன்று 6.30-க்குள்” என்று அவர் சொல்ல வேண்டும். “இரவு 11 மணிக்கு, விடிகாலை 2 மணிக் கட்-ஆஃப் பற்றி யாரைக் கூப்பிடுவது?” முறைக்காரரை. அவர் “அண்ணாச்சிகிட்ட கேக்கணும்” என்றால் விதி இன்னும் முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், குறைந்தது 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் இந்தத் ‘துண்டித்துக்கொள்ளும் உரிமை’ பற்றி ஊழியர் தரப்போடு பேச வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புக்கு ஊழியர் பதில் மறுக்கலாம்; அந்த மறுப்பு நியாயமற்றதாக இருக்கக் கூடாது. இந்தியாவில் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே 2018-ல் இதே உரிமைக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

ஆகவே நம் ஐவர் குழுவின் ஆறு வரிகள் சட்டம் அல்ல, உடன்பாடு மட்டுமே. தலைவரே இரவு 10 மணிக்குச் சாட்டில் “ரிப்ளை எங்க?” என்று கேட்ட நாளில் அது செத்துவிடும். இரவில் தோன்றியதை எழுதி வைத்து, காலை 9.30-க்கு அனுப்பும்படி அவர் டைமர் வைத்தால் விதியும் பிழைக்கும், ஊழியரும் தூங்குவார்.