பதிவேட்டில் எழுதக்கூடாத விடயங்கள்

எமது வர்த்தகர்களில் பலர் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகளை நடத்துகின்றனர். கடுகண்ணாவையில் ஒரு கடை, மாவனல்லையில் இன்னொன்று, கண்டியில் ஒரு களஞ்சியம் என்று இருக்கும்போது, முதலாளி எல்லா இடத்திலும் நிற்க முடியாது. பில் போடும் கணனி நின்றுவிட்டால் அதைச் சரிபார்க்கும் மென்பொருள்காரர் பெரும்பாலும் கொழும்பில் இருப்பார். அவர் கண்டி வீதியால் ஏறி வரும்வரை வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார்.

இதற்காகவே இப்போதைய விற்பனை மென்பொருட்கள் ஒரு வேலையைச் செய்கின்றன. கடையில் நடக்கும் ஒவ்வொரு முக்கிய நிகழ்வையும் ஒரு வரியாக எழுதி, இணையம் வழியாகத் தூரத்திலுள்ள சேவருக்கு அனுப்பிவிடுகின்றன. காசாளர் உள்ளே நுழைந்தார், பில் அச்சாகவில்லை, களஞ்சியக் கணக்கு சேமிக்கப்படவில்லை என்றெல்லாம் அதில் வரிகள் சேரும். கணனித்துறையினர் இதை ‘லொக்’ என்பார்கள். நாம் பதிவேடு என்று சொல்லலாம். மென்பொருள்காரர் கொழும்பில் இருந்துகொண்டே அதைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடித்து விடுகிறார்.

பதிவேட்டால் பயன் உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் என்ன போகிறது என்பதை எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்? வர்த்தக நண்பர்கள் சிலரின் பதிவேடுகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. காசாளர்களின் கடவுச்சொற்களும் வாடிக்கையாளர்களின் தொலைபேசி இலக்கங்களும் அங்கே அப்படியே கிடந்தன. யாரும் களவெடுத்துப் போட்டவை அல்ல அவை. மென்பொருளே எழுதி வைத்தவை.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. இன்று எக்ஸ் எனப்படும் டுவிட்டர் நிறுவனம் 2018 மே மாதம் தனது 33 கோடிப் பாவனையாளர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வது பற்றிச் சிந்திக்குமாறு கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்களைக் குழப்பி மறைக்கும் முறை அந்நிறுவனத்திடம் இருந்தது. ஆனால் மறைக்கும் வேலை முடிவதற்கு முன்பே அவை உள்ளகப் பதிவேடு ஒன்றில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. பல கோடிப் பேரின் கடவுச்சொற்கள் தமது உள்ளக அமைப்புகளில் வாசிக்கக்கூடிய வடிவில் இருந்ததாக 2019 மார்ச்சில் பேஸ்புக் ஒப்புக்கொண்டது. இதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2024 செப்டம்பரில் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 9 கோடி 10 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது.

பிரதான தரவுத்தளத்தைப் பூட்டி வைப்பவர்கள் பதிவேட்டைப் பூட்டுவதில்லை. அதைக் காசாளரும் பார்க்கிறார், மென்பொருள்காரரும் பார்க்கிறார், அவரிடம் வேலை பழகும் பையனும் பார்க்கிறான். சில வேளை மின்னஞ்சலில் இணைத்தும் அனுப்புகிறார்கள். ஆகவே அதற்குள் போகும் இரகசியம் எத்தனை கைகளுக்குப் போகிறது என்று சொல்ல முடியாது.

இது எப்படி நடக்கிறது என்பதை ஓர் உதாரணக் கடையை வைத்துப் பார்ப்போம். கடுகண்ணாவையில் ஒரு மொத்த வியாபார நிலையம். மாலை நேரம், கூட்டம் அதிகம். இரண்டாம் கவுண்டரில் இருக்கும் காசாளர் அவசரத்தில் தனது பெயரைத் தட்ட வேண்டிய கட்டத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு உள்ளே நுழைய முயல்கிறார். கணனி மறுக்கிறது. உடனே சரியாகத் தட்டி உள்ளே போகிறார். பதிவேட்டில் விழும் வரிகள் இவை:

```
18:42:07 LOGIN_FAIL branch=KDG counter=2 user=mazhai2291
18:42:13 LOGIN_OK   branch=KDG counter=2 user=cashier2
```

இந்த மென்பொருள் கடவுச்சொற் கட்டத்தில் உள்ளதை ஒருபோதும் எழுதுவதில்லை. பெயர்க் கட்டத்தில் உள்ளதை மட்டுமே எழுதுகிறது. ஆனால் மேல் வரியில் இருப்பது பெயரல்ல, கடவுச்சொல். அது யாருடையது என்பதை ஆறு வினாடிகளின் பின் வந்த கீழ் வரி சொல்லிவிடுகிறது. இரண்டையும் சேர்த்து வாசிப்பவர் அந்தக் காசாளராகவே உள்ளே நுழைந்து பில்லை இரத்துச் செய்யலாம். மறுநாள் கல்லாவில் பணம் குறைந்தால் குற்றம் சாட்டப்படுவது ஒன்றுமறியாத அந்தப் பிள்ளைதான். அதே கடவுச்சொல்லைத் தனது மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் அவர் பாவித்தால் விபரீதம் கடைக்கு வெளியேயும் போகும்.

இதற்குப் பரிகாரம் மிகச் சிறியது. தட்டப்பட்ட பெயர் ஊழியர் பட்டியலில் இருந்தால் மட்டும் அதை எழுத வேண்டும். இல்லையென்றால் ‘தெரியாதவர்’ என்று எழுதினால் போதும். மென்பொருள்காரருக்கு இதைக் காட்டினால் உடனே விளங்கும்:

```
if user in staff_list:
    name = user
else:
    name = "UNKNOWN"
```

இப்போது முதல் வரியில் நேரம், கிளை, கவுண்டர் இலக்கம், தெரியாதவர் என்பவை மட்டுமே இருக்கும். ஒரே கவுண்டரில் ஐந்து நிமிடத்தில் இருபது தடவை தோல்வி என்றால் யாரோ விளையாடுகிறார்கள் என்று அப்போதும் கண்டுகொள்ளலாம். பயன் குறையவில்லை, இரகசியம் மட்டும் வெளியே போகவில்லை.

அடுத்தது தொலைபேசி இலக்கம். அதே கடையில் புதிய வாடிக்கையாளர் ஒருவரைப் பதிகிறார்கள். அவருடைய இலக்கம் ஏற்கனவே பதிவில் இருப்பதால் தரவுத்தளம் மறுக்கிறது. மறுக்கும் செய்தியிலேயே அந்த இலக்கத்தையும் சேர்த்துத் தருகிறது:

```
ERROR 1062 Duplicate entry '07XXXXXXXX' for key 'phone'
```

உதாரணத்துக்காக நான் இலக்கத்தை மறைத்திருக்கிறேன். உண்மையான பதிவேட்டில் பத்து இலக்கங்களும் இருக்கும். இந்த வரியை எழுதியவர் மென்பொருள்காரர் அல்லர். தரவுத்தளம் தந்ததை அவருடைய மென்பொருள் அப்படியே பதிவேட்டில் ஒட்டிவிட்டது, அவ்வளவுதான். அடையாள அட்டை இலக்கமும் இதே வழியால் வெளியே போகும். எமது அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும், ஆணா பெண்ணா என்பதும் அடங்கியிருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது.

இங்கு செய்ய வேண்டியது, செய்தியை விட்டுவிட்டு அதன் குறியீட்டு இலக்கத்தை மட்டும் எழுதுவதாகும்:

```
18:50:31 SAVE_FAIL branch=KDG counter=2 form=CUSTOMER code=1062
```

1062 என்றால் இரட்டிப்புப் பதிவு என்று மென்பொருள்காரருக்குத் தெரியும். எந்தக் கிளை, எந்தக் கவுண்டர், எந்தப் படிவம் என்பதும் தெரிகிறது. குறிப்பிட்ட வாடிக்கையாளரைச் சுட்டியே ஆக வேண்டிய இடத்தில், கடையின் தரவுத்தளம் அவருக்குக் கொடுத்திருக்கும் வரிசை இலக்கத்தை, உதாரணமாக 4417 என்பதை எழுதலாம். கடைக்குள் இருப்பவருக்கு அது யாரென்று தெரியும். பதிவேட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு அது வெறும் எண்.

சிலர் இதற்கு வேறொரு வழி சொல்வார்கள். தொலைபேசி இலக்கத்தை ‘ஹாஷ்’ என்னும் முறையால் நீண்ட எழுத்துக் குவியலாக மாற்றி எழுதினால் யாராலும் திருப்பி எடுக்க முடியாது என்பார்கள். நல்ல கடவுச்சொல்லுக்கு அது ஓரளவு பொருந்தும், தொலைபேசி இலக்கத்துக்குப் பொருந்தாது. கைத்தொலைபேசியின் முதல் மூன்று இலக்கங்கள் 071, 077 என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. மிச்சம் ஏழு இலக்கங்கள். அதாவது ஒரு முன்னிலக்கத்துக்கு ஒரு கோடி இலக்கங்கள்தான். எட்டு முன்னிலக்கங்கள் என்று வைத்தாலும் எட்டுக் கோடி. எமக்கு இது பெரிய தொகை. சாதாரண கணனி ஒன்று வழமையான ஹாஷ் முறையில் அத்தனையையும் சில நிமிடங்களில் மாற்றிப் பார்த்து, எது பொருந்துகிறதென்று கண்டுபிடித்துவிடும். எழுதாமல் விடுவதே பாதுகாப்பு.

கடுகண்ணாவைப் புகையிரத நிலையத்தை நினைத்துப் பாருங்கள். எந்த ரயில் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்பது நிலையத்தில் பதியப்படும். அதில் யார் பயணித்தார் என்பது பதியப்படுவதில்லை. தாமதத்துக்குக் காரணம் தேட அது தேவையுமில்லை. கடைப் பதிவேடும் அப்படியே அமைய வேண்டும். நேரம், கிளை, கவுண்டர், நிகழ்வு, முடிவு, குறியீடு ஆகிய ஆறும் முதலில் பட்டியலிடப்பட வேண்டும். பட்டியலில் இல்லாத எதுவும் உள்ளே போகக்கூடாது. எல்லாவற்றையும் எழுதிவிட்டு ஆகாததை அழிப்பது இதற்கு மாறான முறை. அதில் நாளை புதிதாக ஒரு கட்டம் சேர்த்தால், அதையும் அழிக்க வேண்டுமென்று எவருக்கும் ஞாபகம் வராது.

தெரிவு செய்யும் இந்த வேலை கடைக் கணனியிலேயே நடக்க வேண்டும். சேவருக்குப் போன பின் அழிப்போம் என்றால், அந்த வரி அதற்குள் கவுண்டர் கணனியில் ஒரு பிரதியாகத் தங்கியிருக்கும். இணையம் அறுந்த நேரத்தில் அனுப்பக் காத்திருக்கும் வரிகளும் அங்கேயே குவியும். அவை போய்ச் சேர்ந்ததும் அந்தக் கோப்பு அழிக்கப்படுகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சேவரிலும் எத்தனை நாள் வைத்திருப்பது என்று ஒரு கணக்கு வேண்டும். கோளாறு தேடுவதற்குப் பெரும்பாலும் முப்பது நாள் போதும்.

உங்கள் பதிவேடு எப்படி இருக்கிறதென்று நீங்களே பார்க்கலாம். மென்பொருள்காரரிடம் சொல்லி ஒரு சோதனைக் காசாளரை உருவாக்கி, அவருக்கு `PoiSavi7713` போன்ற ஒரு பொய்க் கடவுச்சொல்லைக் கொடுங்கள். அதில் எழுத்தும் இலக்கமும் மட்டும் இருக்கட்டும். வேறு குறிகள் இருந்தால் சில பதிவேடுகளில் அவை வேறு வடிவில் எழுதப்பட்டு, தேடும்போது அகப்படாமல் போகும். அதைப் பெயர்க் கட்டத்தில் ஒரு தடவை தட்டுங்கள், பின்னர் சரியாக உள்ளே போங்கள். வாடிக்கையாளராக உங்கள் சொந்தக் கைத்தொலைபேசி இலக்கத்தை இரண்டு தடவை பதியுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டும் ஒரு தடவை செய்யுங்கள். பிறகு பதிவேடு இருக்கும் இடத்தில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
findstr /C:"PoiSavi7713" *.log
```

ஒரு வரியும் வராவிட்டால் நல்லது. அடுத்து அதே இடத்தில் உங்கள் தொலைபேசி இலக்கத்தின் கடைசி ஏழு இலக்கங்களைப் போட்டுத் தேடுங்கள். ஏழு மட்டும் போடுவதற்குக் காரணம், சில மென்பொருட்கள் முன்னால் 0 போடும், சில 94 போடும், ஏழு என்றால் இரண்டும் அகப்படும். இதே தேடலைச் சேவரிலும் செய்யும்படி மென்பொருள்காரரைக் கேளுங்கள். மென்பொருள் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். நேற்றுச் சரியாக இருந்தது புதிய பதிப்பில் மாறியிருக்கலாம்.

கடவுச்சொல் அகப்பட்டால் வரியை அழிப்பது மட்டும் போதாது. அதே வழியால் மற்றக் காசாளர்களுடையதும் போயிருக்கும் என்று கொண்டு எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். பழைய பதிவேட்டின் பிரதிகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டு, அவற்றையும் அழிக்கச் செய்ய வேண்டும்.

எமது நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கே தரவு திரட்டப்பட வேண்டும், தேவையான காலத்துக்கே வைத்திருக்கப்பட வேண்டும் என்ற அடிப்படையிலேயே அமைந்திருக்கிறது. கடனுக்குச் சாமான் வாங்கும் ஒருவர் தனது இலக்கத்தை எம்மிடம் தருவது எமது கணக்குக்காக மட்டுமே. அது எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கொழும்பில் இருக்கும், அவர் கண்டிராத ஒருவரின் கணனிக்கு அது போக அவர் சம்மதிக்கவில்லை.