ரோஸ் நிற விதையும் இரண்டு மொழி நோட்டீசும்

வெண்டை விதையின் இயல்பான நிறம் சாம்பல் கலந்த பச்சை. போன ஆடிப்பட்டத்தில் சக ஆய்வுக்காக எங்கள் குழுவின் ஒரு சகோதரி வயலுக்குப் போயிருந்தோம். வரப்போரம் கிடந்த பாக்கெட்டில் மிச்சமிருந்த வெண்டை விதை ரோஸ் நிறத்தில் இருந்தது. எடுத்துப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது.

"என்னம்மா, இது மருந்து தடவுன விதையாச்சே?"

"ஆமா சார், கடையில இதான் குடுத்தாங்க. நோட்டீஸ்ல ரசாயன உரம், பூச்சிக்கொல்லி கூடாதுன்னுதானே போட்டிருந்தீங்க? ரெண்டுல ஒரு சொட்டுகூட நான் போடலையே."

கூட வந்தவர்களில் ஒருவர், "நோட்டீஸ்ல இருக்கும்மா, நீங்கதான் கவனிக்கலை" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கோப்பைப் பிரித்துப் பார்த்தால், இடப்பக்கம் ஆங்கிலத்தில் 'ட்ரீட்டட் சீட்' கூடாது என்று தெளிவாக இருக்கிறது. வலப்பக்கம் தமிழில் அந்த வரியே இல்லை. இரண்டையும் எழுதியவன் நான்தான்.

எங்கள் குழு பி.ஜி.எஸ் முறையில் சான்று பெறுகிற குழு. ஐந்து பேராவது சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் முறை என்பது வாசகர்களுக்குத் தெரியும். மாறுகாலத்தில் இருக்கும் நிலத்துக்கு 'கிரீன்' முத்திரை, மாறுகாலம் முடிந்த நிலத்துக்கு 'ஆர்கானிக்' முத்திரை. அந்தச் சகோதரி ஒன்றரை வருடத்தை முடித்திருந்தார். குழு கூடிப் பேசி, வெண்டை போட்ட 30 சென்ட்டுக்கு மட்டும் மாறுகாலக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று முடிவெடுத்தது. விதி அப்படி. ஆனால் அவர் விதியை மீறவில்லை, அவர் படித்த நோட்டீசில் அந்த விதி இல்லை.

ஏன் இரண்டு மொழி?

புது உறுப்பினர் சேர்க்கைக்காகப் போட்ட நோட்டீஸ் அது. எங்கள் பக்கம் நிலம் வாங்கி விவசாயம் செய்ய வந்தவர்களில் இருவருக்குத் தமிழ் படிக்க வராது. டவுனில் எங்கள் காய்கறி வாங்கும் கடைக்காரர்களும் குழு விதியை ஆங்கிலத்தில் கேட்பார்கள். அதனால் முதலில் ஆங்கிலத்தில் எழுதி, அன்று ராத்திரியே தமிழாக்கினேன். பிறகு கூட்டத்தில் விதையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஆங்கிலப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். தமிழ்ப் பக்கத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது அப்படியே அச்சுக்குப் போய்விட்டது.

இரண்டு மொழி நோட்டீசில் பிழை புகும் முக்கியமான வழி இதுதான். மொழிபெயர்க்கும்போது வருவதைவிட, மொழிபெயர்த்த பிறகு ஒரு பக்கத்தை மட்டும் திருத்தும்போது வருவதுதான் அதிகம்.

பழைய வங்கிப் பழக்கம்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வங்கியில் 'கால் ஓவர்' என்று ஒரு வேலை உண்டு. முந்தைய நாள் பதிந்த லெட்ஜரை ஒருவர் உரக்கப் படிப்பார். இன்னொருவர் வவுச்சரைப் பார்த்து டிக் அடிப்பார். பதிந்தவரே சரிபார்க்கக் கூடாது. தான் எழுதியதைத் தானே படிக்கும்போது, தாளில் இருப்பதைவிட மனதில் இருப்பதுதான் கண்ணில் தெரியும். நான் தமிழ்ப் பக்கத்தை மூன்று முறை படித்தும் விதை வரி இல்லாதது தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

அந்த நோட்டீசை எடுத்து வைத்து, கால் ஓவர் முறையிலேயே மறுபடி சோதிப்பது என்று முடிவு செய்தோம். ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், குழுவின் செயலாளர், நான் என மூன்று பேர் உட்கார்ந்தோம்.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகத் துண்டு போட்டோம். ஒரு வாக்கியம் ஒரு செய்தி என்று எடுக்கக் கூடாது, ஒரே வாக்கியத்தில் மூன்று செய்தி இருக்கும். 'பட்டா நகலுடன் ஜூன் 15க்குள் செயலாளரிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்' என்பதில் எதை, எதனுடன், எப்போது, யாரிடம் என்று நான்கு செய்தி இருக்கிறது. ஆசிரியர் ஆங்கிலத்தைத் துண்டு போட்டு எண் கொடுத்தார். செயலாளர் ஆங்கிலத்தைப் பார்க்காமல் தமிழைத் துண்டு போட்டார். ஆங்கிலத்தில் 17 செய்தி, தமிழில் 15.

குறைந்த இரண்டில் ஒன்று விதை. இன்னொன்று, 'குத்தகை விவசாயி தன் பெயரிலேயே சேரலாம்' என்ற வரி. தமிழ்ப் பக்கம் தாளைத் தாண்டிப் போனதால் அதை எடுத்துவிட்டு, 'பட்டா, குத்தகைச் சீட்டு கொண்டு வரவும்' என்று சுருக்கியிருக்கிறேன். ஆங்கிலத்தில் இருந்தது 'பட்டா அல்லது குத்தகைச் சீட்டு'. தமிழில் நான் போட்ட கமாவை 'இரண்டும் வேண்டும்' என்றுதான் யாரும் படிப்பார்கள். குத்தகைக்கு உழுகிறவரிடம் பட்டா எப்படி இருக்கும்? தமிழ் படித்த குத்தகைக்காரர் ஒருவர்கூட அந்த வருடம் சேரவில்லை. எங்களுக்கு ஆர்வம் இல்லாதவர்கள் போல என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!

எண்ணிக்கை சரி, பொருள் வேறு

மீதி 15 செய்தியும் இரண்டு பக்கத்திலும் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றாக உரக்கப் படித்து டிக் அடித்தபோது, மூன்று இடத்தில் டிக் போட முடியவில்லை.

முதலாவது தேதி. ஆங்கிலத்தில் 'பிஃபோர் ஜூன் 15'. அதன்படி 14ஆம் தேதியே கடைசி. தமிழில் 'ஜூன் 15க்குள்'. நம் ஊரில் 15ஆம் தேதி சாயங்காலம் வந்தாலும் 'க்குள்'தான். இப்போது இரண்டு பக்கத்திலும் 'கடைசி நாள் ஜூன் 15, மாலை 5 மணி வரை' என்று போடுகிறோம். கிழமையையும் சேர்த்துப் போட்டு, அதைக் காலண்டரில் பார்க்கிறோம்.

இரண்டாவது, கட்டாயமா விருப்பமா என்பது. பக்கத்து வயலில் ரசாயனம் அடித்தால் அந்தப் பக்கம் உயிர்வேலி வேண்டும் என்பது எங்கள் விதி. ஆங்கிலத்தில் 'ஷல்' என்று இருந்தது. தமிழில் 'உயிர்வேலி அமைத்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தேன். மரியாதையாக இருக்கட்டும் என்று போட்ட 'லாம்', விதியை யோசனையாக ஆக்கிவிட்டது. இதைப் பிடிக்க எளிய வழி, தமிழ் வாக்கியங்களின் கடைசிச் சொல்லை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டு போவது. 'வேண்டும்', 'கூடாது', 'லாம்' என்ற மூன்றில் எது இருக்கிறது, ஆங்கிலத்தில் அதே எண்ணில் 'மஸ்ட்', 'மஸ்ட் நாட்', 'மே' என்ற மூன்றில் எது இருக்கிறது என்று ஒத்துப் பார்த்தால் போதும்.

மூன்றாவதை நாங்கள் மூவருமே கோட்டைவிட்டோம். 'பெஸ்டிசைட்' என்பதற்குப் 'பூச்சிக்கொல்லி' என்று போட்டிருந்தோம், அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது என்று டிக் அடித்துவிட்டோம். அதைப் பிடித்தவர் ஆங்கிலம் தெரியாத ஒரு விவசாயி.

படித்தவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

கால் ஓவர் முடிந்ததும், இதுவரை நோட்டீசைப் பார்க்காத பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் தமிழ்ப் பக்கத்தை மட்டும் கொடுத்தோம். படிக்கச் சொல்லவில்லை. படித்துவிட்டு மடித்து வைத்து, 'இதுல என்ன செய்யச் சொல்லுது, என்ன செய்யக் கூடாதுங்குது' என்று சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னோம். அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "பூச்சிமருந்து கூடாது, யூரியா கூடாது. களைக்கு அடிச்சுக்கலாம்ல?" என்றார்.

ஆங்கிலத்தில் 'பெஸ்டிசைட்' என்றால் பூச்சிக்கு, பூஞ்சாணத்துக்கு, களைக்கு அடிப்பது எல்லாமே அடக்கம். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தைப் பாருங்கள். பெயரில் பூச்சி மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அதன் விளக்கத்தில் பூஞ்சாணக்கொல்லியும் களைக்கொல்லியும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. சட்டம் படித்தவருக்கு அது போதும். கடையில் மருந்து வாங்குகிறவருக்குப் பூச்சிமருந்து வேறு, களைமருந்து வேறு. அகராதிப்படி சொல் சரியாக இருந்தும் செய்தி பாதிதான் போய்ச் சேர்ந்தது.

ஆகவே தமிழில் இப்போது 'பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, களைக்கொல்லி, மருந்து தடவிய ரோஸ் அல்லது வேறு சாயம் ஏறிய விதை, இவற்றில் எதையும் பயன்படுத்தக் கூடாது' என்று இருக்கிறது. 'எதையும்' என்ற சொல் முக்கியம், அது இல்லாவிட்டால் கமா மறுபடி பழைய வேலையைக் காட்டும். தமிழில் விரித்தபடியே ஆங்கிலத்திலும் விரித்தோம். ஒரு பக்கத்தில் தெளிவாக்கினால் மறு பக்கத்திலும் அதே தெளிவு இருக்க வேண்டும்.

நகரத்து உறுப்பினரிடம் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் கொடுத்து அதே சோதனையைச் செய்தோம். அங்கே 'மா' என்ற சொல் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் 100 குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். அது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பக்கத்திலும் சென்ட் என்று மாற்றினோம்.

இந்தச் சோதனை எதைப் பிடிக்காது?

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துப் பயனில்லை. சந்தா ரூ. 200 என்று தீர்மானம் இருக்க, இரண்டு பக்கத்திலும் ரூ. 250 என்று போட்டால் கால் ஓவரில் டிக் விழுந்துவிடும். எனவே கடைசியாக, தொகை, தேதி, விதி எல்லாவற்றையும் கூட்டத்தின் தீர்மான நோட்டோடு ஒருமுறை ஒத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சில படிவங்களின் அடியில், வேறுபாடு இருந்தால் ஆங்கிலமே செல்லும் என்று ஒரு வரி இருக்கும். எங்கள் நோட்டீசிலும் போடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அப்படிப் போட்டால், தமிழ் மட்டும் படிக்கிறவர் தான் படிக்காத பக்கத்துக்குக் கட்டுப்படுகிறார். வங்கியில் தமிழில் கையெழுத்துப் போடுகிறவருக்குக் கடன் பத்திரத்தைத் தமிழில் விளக்கிச் சொன்னோம் என்று தனியாக ஒரு உறுதிமொழி வாங்குவோம். அவசரத்தில் விளக்காமலே வாங்கிய நாட்களும் உண்டு, அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது எங்கள் நோட்டீசில் இரண்டு பக்கத்தின் அடியிலும் ஒரே திருத்த எண்ணும் திருத்திய தேதியும் இருக்கும். ஒரு பக்கத்தில் கை வைத்தால் அந்த எண் மாறும். இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் அச்சுக்குப் போகாது.

ரோஸ் விதை போட்ட சகோதரியின் 30 சென்ட்டுக்கு மாறுகாலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. குழு முடிவை மாற்றவில்லை, மாற்றவும் கூடாது. ஆனால் அந்த வெண்டைக்கு விலை குறைந்ததை ஈடுகட்டக் குழு நிதியிலிருந்து ஒரு தொகை கொடுத்தோம், அதில் என் பங்கும் உண்டு. புது நோட்டீஸ் எது வந்தாலும் தமிழ்ப் பக்கத்தை மடித்து வைத்துத் திருப்பிச் சொல்கிற வேலையை இப்போது அவர்தான் செய்கிறார். போன மாதம் கூட்ட அறிவிப்பைப் படித்துவிட்டு, "சார், சாப்பாடு உண்டுன்னு இங்கிலீஷ்ல இருக்காமே, தமிழ்ல காணோம்" என்றார். யாரோ ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்தேன், அவர் சொன்னது சரி.