நிறமில்லாத 'டை'

ஸ்கேன் சென்டரில் "கான்ட்ராஸ்ட்" என்று சீட்டில் எழுதியிருந்தால், நம் ஊர்ப் பேச்சில் அது "டை போட்டு எடுக்கிறது". சாயம் என்றதும் நீலமோ சிவப்போ மனதில் வரும். ஊசிக்குழாயில் இருப்பதோ தண்ணீர் போலத் தெளிந்த ஒரு திரவம். உடம்பில் எதற்கும் அது நிறம் ஏற்றுவதில்லை; மறுநாள் சிறுநீரும் வழக்கமான நிறத்தில்தான் போகும்.

அதில் இருக்கும் சரக்கு அயோடின். சிடி ஸ்கேன் என்பது எக்ஸ்ரே கதிர்தான். எலும்பு அதை நன்றாகத் தடுப்பதால் வெள்ளையாகத் தெரியும். ஈரல், குடல், ரத்தம் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு தடுப்பதால் சாம்பல்மேல் சாம்பலாகக் கிடக்கும். அயோடின் அணு கனமானது, கதிரை நன்றாக விழுங்கும். ரத்தத்தில் அது கலந்தால் ரத்தம் போகும் இடமெல்லாம் வெளுக்கும். இந்தக் குணம் தெரிய வந்ததே தற்செயலாகத்தான். 1920-களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், சிஃபிலிஸ் நோய்க்கு சோடியம் அயோடைடு கொடுத்த நோயாளிகளின் எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பை பளிச்சென்று தெரிந்தது.

ஈரலில் கட்டி என்ற சந்தேகத்தோடு வரும் 72 வயதுப் பாட்டி ஒருவரை வைத்துப் பார்க்கலாம். ஈரலுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. ஈரலிலேயே தோன்றும் புற்றுநோய்க் கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்து வளரும். அதனால் மருந்து ஏற்றிய சுமார் 35 வினாடியில் எடுக்கும் படத்தில் கட்டி மட்டும் முந்திக்கொண்டு வெளுக்கும். 70 வினாடி வாக்கில் ஈரல் முழுக்க வெளுக்கும்போது கட்டி மங்கத் தொடங்கும். இந்த மாறாட்டம்தான் டாக்டருக்கு வேண்டிய துப்பு. நேரம் தவறினால் அது கைக்குச் சிக்காது; கையில் போட்ட ஊசி வழியாக மருந்தை இயந்திரம் வேகமாகத் தள்ளுவது அதற்காகத்தான். எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை. சிறுநீரகக் கல் தானே வெள்ளையாகத் தெரியும்; டை போட்டால் அந்த வெளுப்பில் கல்லே மறைந்துபோகலாம்.

உள்ளே போன அயோடின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒரு நாளில் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். இல்லையென்றால் மருந்து தங்கி, ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்துக்கு மேலும் சுமையாகலாம். கிரியேட்டினின் பரிசோதனை கேட்பது இதனால்தான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாட்டியின் கிரியேட்டினின் 1.2. "நார்மலுக்குப் பக்கம்தானே" என்று மகன் சொல்வார். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய உடம்பில் அது குறைவாகவே உற்பத்தியாகும். வடிகட்டல் மந்தப்பட்டிருந்தாலும் எண் பெரிதாக ஏறாது. அதனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்து ஈஜிஎஃப்ஆர் என்ற கணக்கைப் போடுகிறார்கள். அதே 1.2 உள்ள 30 வயது இளைஞனுக்கு அது 83 வாக்கில் வரும். பாட்டிக்கு 48தான்.

48 என்றால் ஸ்கேன் கூடாது என்று அர்த்தமில்லை. பொதுவாக 30-க்குக் கீழே போனால்தான் டாக்டர்கள் நின்று யோசிப்பார்கள்: அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ போதுமா, முன்பே சலைன் ஏற்றலாமா என்று. உயிர் ஊசலாடும் அவசரத்தில் அந்த எண்ணுக்காகக் காத்திருக்கவும் மாட்டார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களை அதை நிறுத்தச் சொல்வதுண்டு. அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் சுணங்கினால் மாத்திரை உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலம் ஏறலாம் என்ற பயம்தான். ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இருந்தால் ஸ்கேனிலிருந்து 48 மணி நேரம் நிறுத்தி, மீண்டும் ரத்தம் பார்த்துத் தொடங்குவார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.

மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் இரும்புச் சுவை வரும், சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். போயிருக்காது. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். சிலருக்குக் குமட்டும். கை வலித்து வீங்கினால் மருந்து நரம்புக்கு வெளியே கசிகிறது என்று பொருள். வெட்கப்படாமல் உடனே சொல்ல வேண்டும்.

அலர்ஜி வேறு கதை. தடிப்பும் அரிப்பும் வரலாம். மூச்சுத் திணறல், முகவீக்கம், தலைசுற்றல் அபூர்வம். வந்தால் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் வரும், அட்ரினலின் ஊசி போட வேண்டியிருக்கும். ஸ்கேன் முடிந்தும் உட்கார வைப்பது அதைக் கவனிக்கத்தான். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டை ஆகாது என்பது பழைய நம்பிக்கை. இறால் அலர்ஜி அதன் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. முன்பு இதே டை போட்டுத் தடிப்பு வந்ததா என்பதுதான் முக்கியமான கேள்வி.

வீட்டுக்கு வந்து ஓரிரு நாள் கழித்தும் தோலில் தடிப்பு வரலாம். அப்படி வந்தால் போட்ட மருந்தின் பெயரை ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்கி, மருத்துவக் கோப்பில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு பெயர் போதும்.